நீள வீட்டுக்கு வைஃபை: மேசை ரவுட்டரா, மச்சில் பதிக்கும் ஆக்சஸ் பாயின்டா?

பாலக்காட்டுப் பக்கம் கல்பாத்தி, சாத்தபுரம், நூரணி, சித்தூர், கொல்லங்கோடு என்று எந்த அக்ரஹாரத்துக்குப் போனாலும் வீட்டின் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். தெருவைப் பார்த்த முகப்பு பதினைந்து பதினாறு அடி இருக்கும். உள்ளே போனால் திண்ணை, ரேழி, கூடம், முற்றம், இரண்டாம் கட்டு, அடுக்களை என்று கொல்லை வரை நீண்டுகொண்டே போகும். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டோடு ஒட்டிய பொதுச்சுவர். குறுக்கே வரும் சுவர்கள் ஒவ்வொன்றும் ஒன்றரை அடி கனம். செங்கல்லோ வெட்டுகல்லோ, மேலே காரைப் பூச்சு.

ஃபைபர் இணைப்பு போட வருகிறவர் கம்பியைத் தெருவிலிருந்து உள்ளே இழுத்து, ரேழியில் கைக்கெட்டும் இடத்தில் பெட்டியை மாட்டிவிட்டுப் போய்விடுவார். அப்புறம் கூடத்தில் டிவி ஓடும். இரண்டாம் கட்டில் பிள்ளைகளின் வகுப்பு நின்று நின்று வரும். அடுக்களையில் ஒன்றுமே கிடைக்காது. அந்த நிலையில்தான் பலரும், “பெரிய ரவுட்டர் ஒன்று வாங்கி வைக்கட்டுமா, ஆபீஸில் இருப்பதுபோல மேலே வட்டமாக ஒன்று பதித்துவிடட்டுமா?” என்று கேட்கிறார்கள்.

இந்த வகை வீட்டுக்கு என் பதில் இது. ஒரே ஒரு கருவிதான் வைக்க முடியும் என்றால் மேசை ரவுட்டர், அதுவும் வீட்டின் நடுவில், வாசல்கள் நேராக வரும் கோட்டில். வீட்டின் நீளத்துக்குக் கேபிள் இழுக்க முடியும் என்றால் கூரையில் பதிக்கும் ஆக்சஸ் பாயின்ட் இரண்டு. கூரையில் ஒன்றை மட்டும் நடுவில் பதித்து வீடு முழுவதும் கிடைக்கும் என்று எதிர்பார்ப்பது மட்டும் வேண்டாம். காரணத்தை அளவுகளோடு சொல்கிறேன். அதைப் பார்த்துவிட்டால் உங்கள் வீட்டுக்கு எது சரி என்பதை நீங்களே முடிவு செய்துவிடலாம்.

முதலில் பெயர்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஃபைபர் வந்து சேரும் பெட்டி மோடம். ஓஎன்டி என்றும் சொல்வார்கள். வீட்டிலுள்ள கருவிகளுக்கெல்லாம் ஐபி எண் கொடுத்து வெளியுலகோடு இணைப்பது ரவுட்டர். கேபிளில் வருவதை வைஃபையாகக் காற்றில் விடுவது ஆக்சஸ் பாயின்ட். இப்போது வரும் ஃபைபர் மோடம்கள் பலவற்றில் இந்த மூன்று வேலையும் ஒரே பெட்டிக்குள் நடக்கிறது. கடையில் விற்கும் மேசை ரவுட்டரில் பின்னிரண்டும் உண்டு. கூரையில் பதிக்கும் வட்டப் பெட்டி ஆக்சஸ் பாயின்ட் மட்டும்தான். ரவுட்டர் வேலையை வேறொன்று செய்தாக வேண்டும், உங்கள் மோடமே அதைச் செய்தால் போதும்.

முதல் படி: வீட்டைத் தாளில் வரையுங்கள்

டேப் எடுத்து அளங்கள். நான் அமைத்துக் கொடுத்த ஒரு வீட்டையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். அகலம் 16 அடி, நீளம் 92 அடி. திண்ணை 6 அடி, ரேழி 10, முன்கூடம் 16, முற்றத்தோடு சேர்ந்த நடுக்கூடம் 22, இரண்டாம் கட்டு அறை 14, அடுக்களை 14, கடைசியில் சாமான் அறை 10. அதற்குப் பின்னால் கிணறும் கொல்லையும்.

தாளில் முக்கியமாகக் குறிக்க வேண்டியது குறுக்குச் சுவர்களை. இந்த வீட்டில் ரேழியிலிருந்து சாமான் அறை வரை ஐந்து. அகலத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம், 16 அடியை எந்தக் கருவியும் தாண்டிவிடும். நீளவாக்கில் எத்தனை சுவர் என்பதுதான் கணக்கு. ஒவ்வொரு அறையின் மேற்புறத்தையும் பார்த்து, மரமச்சு எங்கே, சரிந்த ஓட்டுக்கூரை எங்கே, எத்தனை அடி உயரம் என்று எழுதுங்கள். முற்றத்தின் மேல் மழைக்காகத் தகர ஷீட்டோ அலுமினிய ஷீட்டோ போட்டிருந்தால் அதையும் குறிக்க வேண்டும். உலோகத்தை வைஃபை தாண்டாது. மச்சில் ஒரு அறை இருந்து அங்கேயும் இணைப்பு வேண்டுமென்றால் இது பெரிய வித்தியாசத்தைக் கொடுக்கும்.

இன்னொன்றையும் பாருங்கள். அக்ரஹார வீடுகள் பலவற்றில் வாசலில் நின்றால் கொல்லைக் கதவு தெரியும். எல்லா நிலைகளும் ஒரே கோட்டில் இருக்கும். அந்தக் கோட்டைத் தாளில் பென்சிலால் இழுத்துவிடுங்கள். பின்னால் வரும் முடிவுகளில் பாதி அந்தக் கோட்டை வைத்துத்தான்.

இரண்டாம் படி: இப்போது இருப்பதை அளங்கள்

ஆண்ட்ராய்டு போனில் வைஃபை அனலைசர் வகைச் செயலி ஏதாவது ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். ஐபோனில் ஆப்பிளின் AirPort Utility செயலியை நிறுவி, அமைப்புகளில் அதற்குரிய Wi-Fi Scanner பொத்தானை இயக்கினால் அதே அளவு கிடைக்கும். சிக்னலை டிபிஎம் என்ற கணக்கில், கழித்தல் குறியோடு காட்டும். பெட்டிக்குப் பக்கத்தில் -40 அளவில் இருக்கும். தூரம் போகப் போக -60, -70 என்று இறங்கும். வீடியோ அழைப்பு தடங்கலில்லாமல் நடக்க -67 வரை இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம். -75க்குக் கீழே போனால் இணைப்பு இருப்பதாகக் காட்டும், வேலை மட்டும் நடக்காது.

இந்த அளவில் 3 குறைந்தால் சக்தி பாதியாகிவிட்டது என்று பொருள். 10 குறைந்தால் பத்தில் ஒன்று. அதனால் -60க்கும் -70க்கும் உள்ள வித்தியாசத்தைச் சின்னதாக நினைக்கக் கூடாது.

நம் உதாரண வீட்டில் ரேழி மோடத்தின் 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் முன்கூடத்தில் -55, நடுக்கூடத்தில் -68, இரண்டாம் கட்டில் -79. அடுக்களையில் பெயரே காட்டவில்லை. ஒரு சுவரும் அதற்குரிய தூரமும் சேர்ந்து பத்துக்கு மேல் தின்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரை இன்னும் கொஞ்சம் நன்றாகத் தாண்டும். அது அடுக்களையில் -78 காட்டியது. போனில் இரண்டு கோடு தெரிந்தும் வாட்ஸ்அப் படம் இறங்காமல் சுற்றிக்கொண்டே இருந்ததற்குக் காரணம் அதுதான்.

ஒவ்வொரு அறையிலும் இரண்டு இடத்தில் அளங்கள். ஒன்று வாசல் கோட்டில் நின்று, இன்னொன்று அதே அறையில் கோட்டை விட்டு விலகி, சுவருக்கு மறைவாக நின்று. இரண்டுக்கும் நல்ல வித்தியாசம் தெரிந்தால், உங்கள் வீட்டில் சிக்னல் வாசல்கள் வழியாகவே பயணம் செய்கிறது என்று அர்த்தம். 5 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 6 செ.மீ. மூன்றடி அகல வாசல் அதற்குத் தாராளமான வழி. மரக்கதவு மூடியிருந்தாலும் ஒன்றரை அடிச் சுவரோடு ஒப்பிட்டால் இழப்பு கொஞ்சம்தான்.

மூன்றாம் படி: ஒரே கருவி போதுமா என்று பாருங்கள்

இருக்கிற மோடத்தின் வைஃபையை அணைத்துவிட்டு, ஒரு நல்ல மேசை ரவுட்டரை நடுக்கூடத்துக்குக் கொண்டுபோனால் என்ன ஆகும் என்று தாளில் எண்ணுங்கள். நம் வீட்டில் அங்கிருந்து முன்னால் ரேழிக்கு இரண்டு சுவர், பின்னால் இரண்டாம் கட்டுக்கு ஒன்று, அடுக்களைக்கு இரண்டு, சாமான் அறைக்கு மூன்று. ரேழியின் ஒரு முனையிலிருந்து ஐந்து சுவரைத் தாண்ட முயன்றதைவிட இது எவ்வளவோ மேல். ஐம்பது அறுபது அடி நீளமுள்ள, மூன்று குறுக்குச் சுவருக்கு மேல் இல்லாத வீடானால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். இதற்கு மேல் பணம் போட வேண்டியதில்லை.

நடுவில் வைப்பது என்றால் சரியாக எங்கே? வாசல் கோட்டுக்குப் பக்கத்தில், தரையிலிருந்து நான்கு ஐந்து அடி உயரத்தில் ஒரு மரப்பலகை அடித்து அதன் மேல். ஆன்டெனாக்கள் நேராக நிமிர்ந்து நிற்க வேண்டும். கம்பி ஆன்டெனாவிலிருந்து சிக்னல் அதன் பக்கவாட்டில் சுற்றிலும் போகும், நுனி காட்டும் திசையில் மிகக் குறைவு. கொல்லைப் பக்கம் கிடைக்கட்டும் என்று ஆன்டெனாவைக் கொல்லையை நோக்கிச் சாய்த்து வைப்பவர்கள் உண்டு. அதனால் கொல்லைக்குத்தான் குறையும். இரும்பு பீரோ, பித்தளைப் பாத்திர அலமாரி, பெரிய கண்ணாடி, டிவியின் பின்புறம் இவற்றுக்கு அருகில் வைக்காதீர்கள்.

ரேழி மோடத்திலிருந்து நடுக்கூடத்துக்கு ஒரு ஈதர்நெட் கேபிள் வந்தாக வேண்டும். அதைத் தவிர்க்க நினைத்தால் ஃபைபரையே நடுக்கூடம் வரை நீட்டித் தரும்படி இணைப்புக்காரரிடம் கேட்கலாம். புது இணைப்பு போடும் நாளிலேயே கேட்டுவிட்டால் பெரும்பாலும் அதிகச் செலவில்லாமல் செய்து தருவார்கள், பிறகு கேட்டால் தனிக் கூலி ஆகும். ஆகவே வீட்டுக்கு முதல்முறை இணைப்பு வாங்குகிறவர்கள் இந்த ஒரு காரியத்தை மறக்காதீர்கள்.

நான்காம் படி: கூரைக் கருவி என்ன செய்யும், என்ன செய்யாது

மச்சில் பதிக்கும் ஆக்சஸ் பாயின்டின் நன்மை கண்ணுக்குத் தெரிவது. ஆள், பீரோ, கட்டில் எதுவும் இடையில் நிற்காமல் அறை முழுவதற்கும் மேலிருந்து சிக்னல் இறங்கும். தேர் சமயத்தில் வீடு நிறைய உறவுக்காரர்களும் ஆளுக்கொரு போனுமாக இருந்தாலும் நன்றாகத் தாங்கும். இவற்றுக்குள் இருக்கும் ஆன்டெனா கீழ்நோக்கியும் பக்கவாட்டிலும் குடை விரித்ததுபோலப் பரப்பும்படி செய்யப்பட்டது. எட்டு முதல் பத்தடி உயர மரமச்சு அதற்கு மிகப் பொருத்தம். முற்றத்தை ஒட்டி பதினான்கு பதினைந்து அடி உயரத்தில் சரிந்து நிற்கும் ஓட்டுக்கூரையில் பதித்தால் பலன் குறையும். சரிவில் பதித்தால் பரப்பும் திசையும் கோணலாகிவிடும்.

ஆனால் நம் வீடுகளில் ஒரு பிரச்சினை இருக்கிறது. பழைய நிலைகள் குள்ளம், குனிந்துதான் போக வேண்டும். மச்சிலிருந்து அடுத்த அறைக்குப் போகும் சிக்னல் வாசல் திறப்பு வழியாகப் போகுமா, நிலைக்கு மேலே உள்ள சுவரில் முட்டுமா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

முன்கூடத்து மச்சு 9 அடி. நிலையின் உயரம் 6 அடி. கருவிக்கும் அந்தச் சுவருக்கும் 8 அடி தூரம். அடுத்த அறையில் ஒருவர் உட்கார்ந்து போனை 3 அடி உயரத்தில் வைத்திருக்கிறார். கருவியிலிருந்து போனுக்கு ஒரு நேர்கோடு இழுத்தால் மொத்தம் 6 அடி கீழே இறங்க வேண்டும். நிலையின் கீழ் நுழைய, முதல் 8 அடியிலேயே 3 அடி இறங்கியிருக்க வேண்டும். அப்படியானால் போன் கருவியிலிருந்து 16 அடிக்குள் இருக்க வேண்டும், அதாவது சுவரைத் தாண்டி 8 அடிக்குள். அதற்கு அப்பால் உட்கார்ந்திருப்பவருக்கு நேர்வழி நிலைக்கு மேலே உள்ள ஒன்றரை அடிச் சுவரின் ஊடாகத்தான். அலை விளிம்பில் வளையும், தரையிலும் சுவரிலும் பட்டுத் திரும்பும், அதனால் முழுக்க இல்லாமல் போகாது. ஆனால் வாசல் கோட்டில் நாலரை அடி உயரத்தில் இருக்கும் மேசை ரவுட்டருக்கு இரண்டு மூன்று வாசல் தாண்டிக் கிடைக்கும் நேர்வழி, கூரைக் கருவிக்கு ஒரு வாசலைத் தாண்டியதும் முடிந்துவிடும்.

ஒன்று மட்டும் வைப்பதானால் மேசை ரவுட்டர் என்று சொன்னதற்குக் காரணம் இதுதான். கூரைக் கருவிக்குத் தன் அறையும் இரு பக்கத்திலும் அடுத்த அறையும் என்று மூன்று அறையை மட்டும் ஒப்படையுங்கள். அதற்கு மேல் கேட்காதீர்கள்.

இப்போது 92 அடி வீட்டுக்கு வருவோம். ஒரு ஆக்சஸ் பாயின்ட் முன்கூடத்து மச்சில், தெருச்சுவரிலிருந்து 24வது அடியில். அது ரேழியையும் முன்கூடத்தையும் நடுக்கூடத்தின் முன்பாதியையும் பார்த்துக்கொள்கிறது. இன்னொன்று இரண்டாம் கட்டு அறையில், 61வது அடியில். நடுக்கூடத்தின் பின்பாதி, இரண்டாம் கட்டு, அடுக்களை அதன் பொறுப்பு. உட்கார்ந்து வேலை செய்யும் எந்த அறைக்கும் ஒரு சுவருக்கு மேல் இல்லை. திண்ணைக்கும் சாமான் அறைக்கும் மட்டும் இரண்டு சுவர், அங்கே அது போதும்.

அடுக்களையில் பதிக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். எண்ணெய்ப் புகையும் ஆவியும் காற்றுத் துளைகளை அடைத்துக் கருவியைச் சூடாக்கும். சீலிங் ஃபேனிலிருந்து மூன்றடியாவது தள்ளிப் பதியுங்கள். ஓடு ஒழுகும் இடமா என்று ஒரு இடவப்பாதி மழையில் பார்த்துவிட்டுப் பதிப்பது நல்லது.

ஐந்தாம் படி: கேபிள்

செலவைவிட உழைப்பு அதிகம் கேட்பது இதுதான், தள்ளிப்போட முடியாததும் இதுதான். கேபிள் இல்லாமல், வயர்லெஸ் மெஷ் என்று விற்கும் மூன்று பெட்டியை வாங்கி வைத்தால் ஆகாதா என்று கேட்பார்கள். அந்தப் பெட்டிகள் ஒன்றோடொன்று பேசுவதும் அதே ஒன்றரை அடிச் சுவர்கள் வழியாகத்தான். அதே ரேடியோவில் வாங்கி அதே ரேடியோவில் அனுப்பும் பெட்டியானால் ஒவ்வொரு தாவலிலும் வேகம் பாதியளவுக்குக் குறையும். வாடகை வீடு, துளை போடவே கூடாது என்றால் வேறு வழியில்லை. அப்போது பெட்டிகளை வாசல் கோட்டில் ஒன்றுக்கொன்று நேர்பார்வையில் வையுங்கள், ஓரளவு சமாளிக்கலாம். சொந்த வீடானால் கேபிள் இழுத்துவிடுங்கள்.

கேட்-6 கேபிள் கேளுங்கள், உள்ளே இருப்பது முழுச் செம்பா என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம் போட்டு மலிவாக விற்பதுண்டு. அது எளிதில் ஒடியும், மின்சாரத்தையும் அதன் வழியாகவே அனுப்பும்போது சூடேறும். கம்பியின் நுனியைக் கத்தியால் சுரண்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளையாகத் தெரிந்துவிடும். ஒரே இழுப்பில் 100 மீட்டர் வரை போகலாம், அதனால் எந்த அக்ரஹார வீட்டுக்கும் நீளம் ஒரு தடையில்லை.

பாதை எது? மச்சுக்கு மேலே, குறுக்குச் சுவர்கள் கூரையைத் தொடும் இடத்தில் பல வீடுகளில் இடைவெளி இருக்கும். டார்ச்சோடு ஏறிப் பாருங்கள். இடைவெளி இருந்தால் சுவரைத் துளைக்கவே வேண்டாம். இல்லாவிட்டால் ஒன்றரை அடிக்கு மேல் நீளமுள்ள டிரில் பிட்டோடு வரும் ஆளைக் கூப்பிட்டு, நிலைக்குப் பக்கவாட்டில் மேலே துளை போடச் சொல்லுங்கள். உத்தரத்தையும் நிலைக்கட்டையையும் தொட வேண்டாம். மச்சின் மேல் எலியும் மரப்பட்டியும் நடமாடும், கேபிளைத் திறந்தபடி விட்டால் கடித்துவிடும். பிவிசி குழாய்க்குள் விடுங்கள். மின்கம்பியோடு ஒட்டி நீளமாக ஓடவிடாமல் ஒரு அடி தள்ளிப் போடுங்கள். கல்பாத்தி போலப் பாரம்பரியப் பகுதியாக அறிவிக்கப்பட்ட தெருவானால் முகப்பில் எதையும் மாட்டாமல், துளைக்காமல் உள்ளேயே வேலையை முடித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு ஆக்சஸ் பாயின்டுக்கும் தனித்தனியாக, ரேழியிலிருந்து ஒவ்வொரு கேபிள். கருவிகளுக்கு வேண்டிய மின்சாரத்தையும் அந்தக் கேபிளே கொண்டுபோகும். அதற்குப் பிஓஇ என்று பெயர். மோடத்துக்குப் பக்கத்தில், பல கேபிள்களை இணைத்து அவற்றுக்கு மின்சாரமும் தரும் பிஓஇ சுவிட்ச் என்ற பெட்டியை வைத்தால் மச்சில் பிளக் பாயின்டே தேவையில்லை. சுவிட்சும் ஆக்சஸ் பாயின்டும் ஒரே தரத்தில் இருக்கின்றனவா என்று அட்டைப்பெட்டியில் பாருங்கள். 802.3af என்றால் சுவிட்ச் ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட் தரும், 802.3at என்றால் 30 வாட். at கேட்கும் கருவியை af சுவிட்சில் மாட்டினால் ஏற்றுக்கொண்டதுபோலத் தோன்றி, ஆள் கூடிய நேரத்தில் திடீரென்று அணைந்து மறுபடி எழும்பும். 24 வோல்ட் பாசிவ் என்று எழுதிய மலிவு வகையை இவற்றோடு கலக்கவே வேண்டாம். அது எதிரில் என்ன கருவி என்று கேட்காமலேயே மின்சாரத்தை அனுப்பிவிடும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பயன் ஒன்று உண்டு. மோடத்தையும் பிஓஇ சுவிட்சையும் ஒரு சிறு யுபிஎஸ்ஸில் போட்டுவிட்டால், மின்சாரம் போனாலும் வீடு முழுவதும் வைஃபை நிற்காது. மூன்று அறையில் மூன்று பெட்டி, மூன்று அடாப்டர் என்று இருந்தால் இந்த வசதி கிடைக்காது.

ஆறாம் படி: அமைப்புகள்

ஐபி எண் கொடுக்கும் வேலையை வீட்டில் ஒரே ஒரு பெட்டிதான் செய்ய வேண்டும். மோடம் கொடுக்கிறது என்றால், புதிதாக வாங்கிய மேசை ரவுட்டரின் அமைப்பில் போய் AP Mode தேர்ந்தெடுங்கள். அந்தத் தேர்வு இல்லாத பழைய ரவுட்டரானால் DHCP Server என்பதை அணைத்து, அதன் சொந்த ஐபியை மோடத்தோடு மோதாதபடி மாற்றி, கேபிளை WAN போர்ட்டில் குத்தாமல் LAN போர்ட்டில் குத்துங்கள். இதைச் செய்யாவிட்டால் முன்கட்டில் இருக்கும் பிரிண்டரைப் பின்கட்டு லேப்டாப் கண்டுபிடிக்காது. போனில் ஐபி எண்ணைப் பார்த்தால் காரணம் தெரியும். முன்னால் 192.168.1 என்று தொடங்கி, பின்னால் 192.168.0 என்று தொடங்கினால் இரண்டு பெட்டிகள் தனித்தனி வீடு நடத்துகின்றன.

இரண்டு ஆக்சஸ் பாயின்டுக்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல் கொடுங்கள். சேனல் மட்டும் வேறு வேறு. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மட்டும்தான். அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். ஒட்டிய வீடுகளில் பக்கத்து வீட்டு வைஃபை பொதுச்சுவரைத் தாண்டி வருவதைத் தடுக்க முடியாது. அனலைசர் செயலியில் பார்த்து, முன்பக்கம் நெரிசல் குறைந்த ஒன்றையும் பின்பக்கம் வேறொன்றையும் போடுங்கள். 5 கிகாஹெர்ட்ஸில் முன்பக்கத்துக்கு 36, பின்பக்கத்துக்கு 149. நடுவில் 52 முதல் 144 வரை உள்ள சேனல்களில் ரேடார் கேட்டால் கருவி தானாக விலக வேண்டும் என்பது விதி, அப்போது அழைப்பு அறுபடும். 36உம் 149உம் இருக்கும்போது அங்கே போக அவசியமில்லை.

அடுத்து Transmit Power. புதிதாக வாங்கியவர்கள் இதை High என்று வைத்தால்தான் நல்லது என்று நினைப்பார்கள். ஆக்சஸ் பாயின்ட் சத்தமாகப் பேசலாம், போன் அவ்வளவு சத்தமாகத் திருப்பிப் பேச முடியாது. போனில் கோடு நிறைய இருக்கும், போன் அனுப்புவது போய்ச் சேராது. தவிர, எந்த ஆக்சஸ் பாயின்டோடு இருப்பது என்று முடிவு செய்வது போன்தான். முன்கூடத்துச் சிக்னல் அடுக்களை வரை மெலிதாகவாவது வந்துகொண்டிருந்தால், போன் அதையே பிடித்துக்கொண்டு தொங்கும். பக்கத்திலேயே நல்ல சிக்னல் இருந்தும் மாறாது. ஐபோன் -70க்கு வந்த பிறகுதான் வேறொன்றைத் தேடத் தொடங்கும். அதனால் 2.4 கிகாஹெர்ட்ஸை Low, 5 கிகாஹெர்ட்ஸை Medium என்று தொடங்குங்கள். நம் வீட்டில் இரண்டு கருவிகளின் 5 கிகாஹெர்ட்ஸும் நடுக்கூடத்தில் ஏறக்குறைய -65 அளவில் சந்திக்கும்படி வைத்தோம். அங்கே நடந்து தாண்டும்போது போன் தானாகக் கைமாறுகிறது.

ஏழாம் படி: சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்

முதலில் கேபிள். சுவிட்சிலோ ஆக்சஸ் பாயின்டின் பக்கத்திலோ இணைப்பு வேகம் 1000 என்று காட்ட வேண்டும். 100 என்று காட்டினால் எட்டுக் கம்பியில் ஏதோ ஒன்று சரியாகத் தொடவில்லை. பெரும்பாலும் முனையில் குத்திய பிளக்தான் காரணம், அதை வெட்டிப் புதிதாகப் போட்டால் சரியாகும்.

அப்புறம் வீட்டுக்குள் வேகம். இணைய வேகச் சோதனை செய்தால் குறை வீட்டில் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்று தெரியாது. ஒரு கணினியிலும் லேப்டாப்பிலும் iperf3 என்ற வேகம் அளக்கும் செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள். கணினியை மோடத்தில் கேபிளால் இணைத்து அதில் கீழே உள்ள முதல் வரியை இயக்குங்கள். லேப்டாப்போடு அறை அறையாகப் போய் இரண்டாவதை இயக்குங்கள். ஐபி எண் உங்கள் கணினியுடையதாக இருக்கட்டும்.

```
iperf3 -s
iperf3 -c 192.168.1.20
```

விண்டோஸ் லேப்டாப் எந்த ஆக்சஸ் பாயின்டோடு பேசுகிறது என்று பார்க்க:

```
netsh wlan show interfaces
```

அதில் வரும் Channel 36ஆ 149ஆ என்று பார்த்தாலே முன்பக்கமா பின்பக்கமா என்று தெரிந்துவிடும். அடுக்களையில் நின்றுகொண்டு 36 என்று வந்தால் மாறாமல் தொங்குகிறது என்று பொருள், முன்கூடத்துக் கருவியின் சக்தியை இன்னும் ஒரு படி குறையுங்கள். கடைசியாக ஒரு வீடியோ அழைப்பைப் போட்டுக்கொண்டு திண்ணையிலிருந்து கிணற்றடி வரை மெதுவாக நடந்து பாருங்கள். எங்கே உறைகிறது என்று தாளில் குறித்து, அந்த இடத்தில் மறுபடி டிபிஎம் அளங்கள்.

கொல்லையில் தனிக் கட்டடம் இருந்து அங்கேயும் வேண்டுமென்றால், செம்புக் கேபிளைத் திறந்தவெளியில் இழுக்காதீர்கள். துலா மாதத்து மாலை இடி இங்கே சாதாரணமானது அல்ல. பக்கத்தில் விழும் மின்னல் அந்தக் கேபிளில் தூண்டும் மின்னழுத்தம் உள்ளே வந்து சுவிட்சையும் மோடத்தையும் சேர்த்து எரித்துவிடும். அந்த முப்பது அடிக்கு மட்டும் உலோகக் கம்பி சேராத ஃபைபர் போட்டு, இரண்டு முனையிலும் ஃபைபரை ஈதர்நெட் கேபிளோடு இணைக்கும் மீடியா கன்வெர்ட்டர் வையுங்கள். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. இடி நேரத்தில் பிடுங்கிவைக்க வேண்டியவை அப்போதும் இரண்டு உண்டு. ஒன்று யுபிஎஸ்ஸின் மின்பிளக், மற்றது அந்தக் கட்டடத்திலுள்ள கன்வெர்ட்டரின் அடாப்டர்.